ஜெமியின் பெயரில் முப்பது லட்சம்

"சிஸ்டர், போன வருஷம் உங்களுக்கு ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம் வட்டி வந்திருக்கே. ஏன் சொல்லல?"

சகீனா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஃபீபி, நைட் டூட்டி முடித்த கையோடு மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தாள். கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள்.

"எனக்கா? என் பேங்க்ல மொத்தமே பதினோராயிரம்தான் இருக்கு மேடம்."

"இது வேற பேங்க். ஆம்பூர் கிளை."

ஆம்பூர் என்றதும் ஃபீபியின் தூக்கம் போய்விட்டது.

வேலூரில் ஒரு மருந்துக் கடை மாடியில் இருந்தது சகீனாவின் ஆபீஸ். நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் வருடா வருடம் வருமான வரிக் கணக்கு போடுகிறவள். ஃபீபியுடையது ஐந்து நிமிட வேலை. சம்பளம் ஏழு லட்சத்து இருபதாயிரம், நிலையான கழிவு எழுபத்தைந்தாயிரம் போக மிச்சம் ஏழு லட்சத்துக்குள். புதிய முறையில் வரி பூஜ்யம். ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவாள்.

இந்த வருடம் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்ததும் அந்த வரி கண்ணில் பட்டது. வருமான வரித்துறையே நம் பெயரில் எங்கெங்கே என்ன வரவு என்று திரட்டி வைக்கிற பட்டியல் அது.

"யாரோ அவங்க பட்டியல்ல இருந்த வட்டியை 'இது என்னுது இல்ல, இந்த பான் எண்காரங்களுது'ன்னு தள்ளி விட்டிருக்காங்க. உங்க பான் நம்பர் வெளியில யாருக்குத் தெரியும்?"

ஃபீபி பதில் சொல்ல யோசிக்கவே இல்லை. கல்யாணமான பத்து வருடமும் அவளுக்கு வரிக் கணக்குப் போட்டவன் நத்தானியேல். விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. பத்து எழுத்தை மறந்துவிடுகிற ஆள் இல்லை அவன்.

"உங்களுக்கு லெட்டர் கிட்டர் எதுனா வந்துச்சா?"

வந்திருந்தது. விவாகரத்துக்குப் பிறகு பதிவுத் தபால் என்றாலே கோர்ட் நோட்டீஸ்தான். ஃபீபி அவற்றைப் பிரிப்பதே இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கி, பையில் போட்டு, அடுத்த வாய்தாவில் வக்கீலிடம் அப்படியே கொடுத்துவிடுவாள். பிரித்துப் படித்தால் இரண்டு நாள் டூட்டியில் மனம் நிற்காது என்பது அவள் கண்ட அனுபவம். ஜூலையில் வந்த ஒரு கவர் இன்னும் கைப்பைக்குள்தான் கிடந்தது.

சகீனா அதைக் கிழித்தாள். ஒரே பக்கம். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பேஜார் பண்ற ஆள்தான் சிஸ்டர் உங்க ஆளு."

"என் ஆளு இல்ல."

"சரி, உங்க பொண்ணு ஜெமியோட அப்பா. ஜெமி பேர்ல அவர் முப்பது லட்சம் டெபாசிட் போட்ருக்காரு. போன வருஷம் ஏப்ரல்ல. கார்டியன் அவரு. அதோட வட்டிதான் இது."

ஃபீபிக்கு முதலில் புரிந்தது முப்பது லட்சம் மட்டும்தான். அவன் பேரில் இருந்த நாட்றம்பள்ளி மனை. அதை விற்றுவிட்டான். ஜீவனாம்ச வழக்கில், 'எனக்குச் சொத்து இல்லை, கடன்தான் இருக்கிறது' என்று கூண்டில் நின்று சொன்னவன். மாதம் ஆறாயிரம் என்று கோர்ட் போட்ட தொகையை மூன்று மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தியவன்.

"பணம் அவருது. வட்டி பாப்பாது. வரி மட்டும் எப்டி மேடம் எனக்கு?"

"மைனர் குழந்தைக்கு வர்ற வட்டியை அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் வருமானத்துல சேக்கணும். கல்யாணம் இருக்கறவரைக்கும் யாருக்கு வருமானம் ஜாஸ்தியோ அவங்க கணக்குல. விவாகரத்து ஆயிட்டா, அந்த வருஷம் குழந்தையை யாரு வளர்த்தாங்களோ அவங்க கணக்குல. பணத்தை யாரு போட்டான்னு சட்டம் கேக்கறதில்ல." சகீனா கடிதத்தைத் திருப்பிக் காட்டினாள். "அதைத்தான் அழகா எழுதியிருக்காரு. படிங்க."

'நமது திருமணம் ரத்தாகிவிட்டது. மகள் ஜெமி 2024-25 நிதியாண்டு முழுவதும் தங்களுடன் தங்கி, தங்கள் செலவில்தான் வளர்ந்து வருகிறாள். ஆகவே மேற்படி வட்டி தங்கள் வருமானத்துடன் சேர்க்கத்தக்கது. இதை வருமான வரித்துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டேன்.' கீழே அவன் கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து வால் நீண்டு தாளின் ஓரம் வரை ஓடும், அதே திமிர் கையெழுத்து.

"எவ்ளோ வரும்?"

சகீனா தட்டினாள். "மொத்த வருமானம் எட்டு லட்சத்து அறுபத்தோராயிரம். ஏழு லட்சத்தைத் தாண்டிட்டதால தள்ளுபடி போச்சு. வரி முப்பத்தேழாயிரத்து ஐந்நூத்தி நாப்பத்தி நாலு. முன்கூட்டியே கட்டாததுக்கு வட்டி வேற. நாப்பத்தோராயிரத்துச் சொச்சம்."

"குழந்தைக்குன்னு கழிவு எதுவும் இல்லியா?"

"பழைய முறைல ஒரு குழந்தைக்கு ஆயிரத்தைந்நூறு கழிக்கலாம். புது முறைல அதுவும் கிடையாது. பழைய முறைக்குப் போனா மொத்த வரி இதைவிட ஜாஸ்தி." திரையைக் கீழே நகர்த்தினாள். "இதுல இன்னொரு வயித்தெரிச்சலும் இருக்கு. பேங்க்காரன் பத்து பர்சன்ட் வரி பிடிச்சிருப்பான். இருபத்தோராயிரத்து அறுநூறு. கணக்குல அவர் பான் நம்பர் இருக்கறதால அது அவர் பேர்ல நிக்கும். 'வருமானம் அவங்களுது, பிடிச்ச வரியையும் அவங்க பேருக்கு மாத்துங்க'ன்னு அவர் பேங்க்ல எழுதிக் குடுத்தா உங்களுக்கு வந்துடும்."

"குடுப்பாரா?"

சகீனா சிரிக்கவில்லை. "இன்னொரு வழியும் இருக்கு. 'இது என் வருமானம் இல்ல, குழந்தையை வளக்கறது நான் இல்ல'ன்னு மறுத்து எழுதலாம். அப்பறம் டிபார்ட்மென்ட்டும் அவரும் அடிச்சிக்கட்டும். இன்னா சொல்றீங்க?"

ஃபீபி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "வக்கீலைக் கேட்டுட்டு வர்றேன்."

மறுநாள் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் அந்தக் கடிதத்தைப் படித்த வக்கீல் மேகலா, நின்றபடியே இரண்டாவது முறையும் படித்தாள். பிறகு கேஸ் கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவிப் பக்கத்தில் வைத்தாள். ஜூன் மாதம் நத்தானியேல் போட்ட மனு. மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற மனு. அதற்கான பிரமாணப் பத்திரத்தில் ஆறாவது பத்தி: 'மகளின் பள்ளிக் கட்டணம், உணவு, உடை, மருத்துவம் அனைத்தையும் நான் ஒருவனே ஏற்று அவளைப் பராமரித்து வருகிறேன். இரவு டூட்டி பார்க்கும் தாயாரால் குழந்தை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.'

"ஜூன் இருபது இது. ஜூலை நாலு அது. நடுவுல பதினாலே நாள்," என்றாள் மேகலா. "ஆம்பூர்ல அவரோட ஆடிட்டர் ஒண்ணு எழுதியிருக்காரு. வேலூர்ல வக்கீல் வேற எழுதியிருக்காரு. ரெண்டுலயும் படிக்காம கையெழுத்துப் போட்ருக்காரு மனுஷன்."

"அப்ப கேஸ் நமக்கா மேடம்?"

"ஒரு நிபந்தனை. நீங்க வரியைக் கட்டணும். 'குழந்தையை நான் வளக்கல'ன்னு இன்கம்டாக்ஸ்ல மறுத்துட்டு, இங்க வந்து 'நான்தான் வளக்கறேன்'னு சொல்ல முடியாது. அந்த ஒரு பேப்பரை வச்சே ஜெமியைக் கூட்டிட்டுப் போயிடுவாரு." மேகலா குரலைத் தாழ்த்தினாள். "கட்டிட்டு ரசீதோட வாங்க. அந்த டெபாசிட்டை கோர்ட் அனுமதி இல்லாம எடுக்கக் கூடாதுன்னு நான் ஒரு மனு போடறேன். பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. அன்று மாலை வரை நன்றாகவே புரிந்திருந்தது.

மாலையில் ஜெமியின் பள்ளியிலிருந்து பெங்களூர் சுற்றுலாவுக்கு நாலாயிரம் கேட்டுச் சீட்டு வந்தது. ஃபீபி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள். ஜெமி நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அப்பா எனக்கு முப்பது லட்சம் போட்ருக்காரு. நீ இன்னா போட்ட?"

ஃபீபியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "யார் சொன்னாங்க?"

"அப்பாதான். பாக்க வந்தப்ப போன்ல காட்டுனாரு. என் பேரு இருந்துச்சு, பெரிய எழுத்துல. அது என் காலேஜுக்காம். அங்க வந்துட்டா டூருக்கெல்லாம் அனுப்புவாராம்."

பத்து வயது. கோர்ட்டில் நீதிபதி ஜெமியைத் தனியாகக் கூப்பிட்டு 'யார்கிட்ட இருக்கணும்?' என்று கேட்கப்போகிற வயது. நத்தானியேல் அந்த முப்பது லட்சத்தில் வாங்கப் பார்ப்பது எதை என்று ஃபீபிக்கு அப்போதுதான் உறைத்தது.

மருத்துவமனைக் கூட்டுறவுச் சங்கத்தில் நாற்பத்தைந்தாயிரம் கடன் எழுதினாள். பன்னிரண்டு தவணை. பணம் வந்த அன்றே சகீனாவின் ஆபீஸில் கட்டினாள். கணக்குப் படிவத்தில், குழந்தையின் வருமானத்தைச் சேர்க்கும் அட்டவணையில் சகீனா தட்டச்சு செய்தாள். பெயர்: ஜெமி. உறவு: மகள். தொகை: 2,16,000.

"தொட முடியாத காசுக்கு வரி கட்டுறீங்க சிஸ்டர்," என்றாள் சகீனா. "என் சர்வீஸ்ல இது புதுசு."

அந்த வார்த்தைதான் ஃபீபியை உறுத்தியது. அந்த இருபத்தோராயிரத்து அறுநூறையாவது கேட்டால் என்ன? கையெழுத்துதானே? ஐந்து தவணைக்கு ஆகும். வாரம் முடியவில்லை, காலை டூட்டிக்குப் போகாமல் ஆம்பூர் பஸ் ஏறிவிட்டாள்.

நத்தானியேலின் யூனிட் பைபாஸை ஒட்டிய ஒரு ஷெட். பெரிய கம்பெனிகளுக்கு ஷூவின் மேல் பாகம் மட்டும் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். ஒரு காலத்தில் நாற்பது பெண்கள் உட்கார்ந்த பெஞ்சுகளில் இப்போது ஒன்பது பேர். உள்ளே நுழைந்ததும் ஒட்டும் சொல்யூஷனின் நெடி மூக்கைக் குத்தியது. பெண்கள் தோலின் ஓரத்தை மடித்துச் சுத்தியால் தட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெண் பழைய பழக்கத்தில், "வாங்கண்ணி," என்றாள்.

நத்தானியேல் ஃபைலை மூடினான். "டூட்டி இல்லியா இன்னைக்கு?"

"வரி கட்டிட்டேன்."

"நல்ல குடிமகள்."

"பேங்க்ல பிடிச்ச வரி உங்க பேர்ல நிக்குது. வருமானம் என்னுதுன்னு நீங்கதான எழுதுனீங்க? அதையும் என் பேருக்கு மாத்தச் சொல்லி ஒரு கையெழுத்துப் போடுங்க. கிளம்பிடறேன்."

அவன் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்தான். "ஃபீபி, நீ பொண்ணை வச்சிருக்க. வச்சிருக்கறவ செலவு பண்ணத்தான் வேணும். பிடிக்கலியா, அனுப்பிடு. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். வரியையும் சேத்து."

"மூணு மாசம் ஆறாயிரம் குடுத்த மூஞ்சிதான இது?"

தட்டுகிற சத்தம் நின்றது. ஒன்பது பேரும் கேட்கிறார்கள்.

"சத்தம் போடாத. அந்த முப்பது லட்சம் யாருக்கு? என் பொண்ணுக்கு. உன்னால முப்பதாயிரம் போட முடியுமா அவ பேர்ல?"

அங்கேதான் ஃபீபி தவறினாள். பத்து நாள் பொறுக்கச் சொன்ன வாய் மேகலாவுடையது. ஆனால் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது ஜெமியின் குரல். நீ இன்னா போட்ட?

"அவ பணம்தான? அது அவளுக்கே இருக்கற மாதிரி பண்றேன் பாருங்க. அடுத்த வாரம் கோர்ட்ல மனு. ஒரு ரூபா எடுக்க முடியாது நீங்க."

நத்தானியேல் அவளையே பார்த்தான். பிறகு மேஜையிலிருந்த ஒரு ஷூ அப்பரை எடுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

"டீ சாப்பிட்டுப் போ," என்றான்.

பத்து வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள். அவன் மரியாதையாகப் பேசினால் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவள். பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. திரும்ப முடியாத தூரம் அது.

விசாரணை டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. ஜெமியை நீதிபதி தன் அறைக்கு அழைத்துப் பத்து நிமிடம் பேசினார். வெளியே வந்த ஜெமி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிறகு நத்தானியேலைக் கூப்பிட்டார்கள். மேகலா இரண்டு தாள்களையும் நீட்டினாள். ஃபீபி வரி கட்டிய ரசீதும் கணக்கின் நகலும் பின்னால் கோக்கப்பட்டிருந்தன. நீதிபதி படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நத்தானியேல், ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"பொண்ணை நான்தான் பராமரிக்கறேன்னு எனக்கு எழுதியிருக்கீங்க. அம்மாதான் பராமரிக்கறாங்கன்னு இன்கம்டாக்ஸுக்கு எழுதியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

அவனுடைய வக்கீல் அந்தக் கடிதத்தை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, நத்தானியேலின் காதில் கிசுகிசுத்தார். பின் வரிசையில் இருந்த ஃபீபிக்கு முழுதாகக் கேட்கவில்லை. வருமானத்தை மறைத்ததாகும், அபராதம், வரியைப் போல இரண்டு மடங்கு என்று துண்டு துண்டாக வந்து விழுந்தன.

அவள் நத்தானியேலின் முதுகைப் பார்த்தாள். கடிதம் பொய் என்று சொன்னால் மகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வரியும் அபராதமுமாக, அதிகம் போனால் ஒரு லட்சத்துச் சொச்சம், அவன் தலையில் விழும். கடிதம் உண்மை என்றால் மனு போச்சு. மகளா, அந்தப் பணமா, அவ்வளவுதான் கேள்வி. அந்த நொடியில் அவன் 'கடிதம் பொய்' என்று சொல்லிவிடக் கூடாதே என்று அவள் உள்ளுக்குள் ஜெபித்தாள். கூடவே இன்னொன்றும் தோன்றியது. சொல்லிவிட மாட்டானா, ஜெமிக்காக ஒரு தடவையாவது?

"லெட்டர்ல இருக்கறதுதான் உண்மைங்க," என்றான் நத்தானியேல்.

அவன் குரல் தடுமாறவே இல்லை.

மனு தள்ளுபடி. ஜெமி தாயிடமே இருப்பாள். தகப்பன் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். பொய்ப் பிரமாணம் பற்றித் தனியாக விளக்கம் கேட்டு நோட்டீஸ்.

தாழ்வாரத்தில் மேகலா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இன்னொரு கையில் ஒரு தாள் இருந்தது. முகத்தில் வெற்றி இல்லை.

"டெபாசிட் மனுவுக்கு பேங்க் பதில் குடுத்திருக்கு. இப்பதான் கைக்கு வந்துச்சு."

ஃபீபி வாங்கினாள். இந்தத் தடவை அவளே படித்தாள். 'மைனர் ஜெமியின் வைப்புத்தொகை, பணம் மைனரின் நலனுக்கே பயன்படுத்தப்படும் என்ற காப்பாளரின் உறுதிமொழியின் பேரில், ஆகஸ்ட் 29 அன்று முதிர்வுக்கு முன்பே முடிக்கப்பட்டது. முன்கூட்டியே முடிக்கப்பட்டதால் குறைந்த விகிதத்தில் வட்டி மறுகணக்கிடப்பட்டு, மொத்தத் தொகையும் காப்பாளரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.'

ஆகஸ்ட் 28 அன்று அவள் ஆம்பூரில் இருந்தாள்.

"நீங்க அவர்கிட்ட எதுனா பேசினீங்களா?" மேகலா மெதுவாகக் கேட்டாள்.

ஃபீபி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். வருஷக் கணக்குல இழுக்கும். நோட்டீஸ் அனுப்பறேன்." மேகலா வேறு எங்கோ பார்த்தாள். "குறைச்சதுல இல்லாமப் போன வட்டிக்கும் சேத்து நீங்க வரி கட்டிட்டீங்க."

படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த நத்தானியேல் ஒரு விநாடி நின்றான்.

"பொண்ணு உனக்கு. வரியும் உனக்கு. கணக்கு சரியாப் போச்சில்ல?" என்றான். ஜெமி அந்தப் பக்கம் திரும்பிக் கை அசைத்தாள். அவனும் சிரித்துக்கொண்டே கை அசைத்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் ஜெமி. ஃபீபியின் மடியில் கைப்பை. அதற்குள் பேங்க்கின் கடிதம், நாலாக மடித்தது. சங்கத்தில் கழிந்தது போக இன்னும் ஒன்பது தவணை.

"அம்மா."

"இன்னாடி?"

"ஜட்ஜ்கிட்ட நான் அப்பாகிட்டப் போறேன்னுதான் சொன்னேன்." ஜெமி ஜன்னல் கம்பியில் விரலால் எதையோ எழுதினாள். "கோவமா?"

ஃபீபியின் கை பையின் ஜிப்புக்குப் போனது. ஒரு இழு இழுத்தால் போதும். பெரிய எழுத்தில் தன் பேர் போட்ட அந்த டெபாசிட் என்ன ஆயிற்று என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். ஜெமி இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் சிரித்துக் கை அசைக்க மாட்டாள்.

கையை எடுத்துவிட்டாள்.

"இல்ல."

ஜெமிக்கு நிம்மதி. அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் போனபின் ஏதோ ஞாபகம் வந்தவளாக நிமிர்ந்தாள்.

"நான் காலேஜ் போறப்ப அந்தக் காசுல உனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தர்றேன். நைட் டூட்டிக்கு நீ அதுல போலாம்."

"சரி," என்றாள் ஃபீபி. "எந்த கலர்?"